தெருவோர உணவு விற்பனையாளர் சுகாதாரத் தேர்வு: தண்ணீர், கை, குப்பை மூன்றிலும் வழுக்கும் இடங்கள்

பயிற்சி வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிற பகுதி இது. சுத்தமான தண்ணீர், கை கழுவுதல், மூடிய குப்பைத்தொட்டி என்று சொன்னால் "இது தெரியாதா" என்ற முகம்தான் எதிரில் இருக்கும். தேர்வில் மதிப்பெண் போவதும் இங்கேதான். காரணம், கேள்வி மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதில்லை; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அழுக்கு எப்படிப் போகிறது என்று கேட்கிறது. நாம் தனித்தனியாகப் படித்ததைத் தனித்தனியாகவே எழுதிவிட்டு வருகிறோம்.

நான் வகுப்பில் வைக்கும் ஒரு கேள்வியைப் பாருங்கள். விற்பவர் ஒருவர் நிரம்பி வழியும் தொட்டியின் மூடியைக் கையால் திறக்கிறார். பையைக் கட்டி ஓரமாக வைக்கிறார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொள்கிறார். பிறகு குடிநீர் வாளியில் குவளையை விட்டு மொண்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறார். எந்த இடத்தில் தடுத்திருந்தால் அந்த வாளித் தண்ணீர் கெட்டிருக்காது?

பாதிப் பேர் "தொட்டியை நிரம்பவிட்டது" என்று எழுதுகிறார்கள். தவறுதான், ஆனால் தொட்டி அரைவாசி நிரம்பியிருந்தாலும் குப்பையைத் தொட்ட கை குப்பையைத் தொட்ட கைதானே. சிலர் "ஏப்ரனில் துடைத்தது" என்கிறார்கள். அதனால் துணியும் அழுக்கானதே தவிர, கை சுத்தமாகவில்லை. துடைக்காமலே இருந்திருந்தாலும் முடிவு ஒன்றுதான். விடை, குப்பையைத் தொட்டதற்கும் தண்ணீரைத் தொட்டதற்கும் நடுவே சோப்புப் போட்டுக் கை கழுவாதது. இதற்கு அடுத்த தவறு வாளியில் குவளையை விட்டது. குழாய் வைத்த, மூடியுள்ள கேனில் தண்ணீர் இருந்திருந்தால் ஒரு குவளையோடு போயிருக்கும். வாளியாக இருந்ததால் அன்று அதில் குடித்த எல்லாருக்கும் போயிற்று.

இதற்குத் துணைக்கேள்வி ஒன்று வரும்: இப்போது அந்த வாளியை என்ன செய்வது? "கொஞ்சம் குளோரின் கலந்து தொடர்ந்து கொடுக்கலாம்" என்ற விடையைப் பார்த்தால் கை தானாகவே அதில் டிக் போடப் போகும். வேண்டாம். தண்ணீரைக் கொட்டி, வாளியையும் குவளையையும் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்புவதுதான் சரி. குளோரின் வேலை செய்ய 30 நிமிடம் வேண்டும். கலந்த உடனே கொடுப்பது கலக்காததற்குச் சமம்.

குளோரின் என்றதும் அடுத்த குழி. குடிநீருக்கான அளவும் பாத்திரத்துக்கான அளவும் வேறு வேறு. இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் ஏராளம். ஒரு முறை கணக்குப் போட்டுவிட்டால் மறக்காது.

வாசனை எதுவும் சேர்க்காத, 5 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும் ப்ளீச் திரவம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 மில்லியில் சுமார் 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும். தெளிந்த குடிநீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் போதும். 20 லிட்டர் கேனுக்கு 40 மில்லிகிராம், அதாவது 0.8 மில்லி. சொட்டுக் கணக்கில் ஏறக்குறைய 16 சொட்டு. இனி கழுவிய தட்டைக் கிருமிநீக்க ஊறவைக்கும் தண்ணீர். இதற்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம். 5 லிட்டர் வாளிக்கு 500 மில்லிகிராம், அதாவது 10 மில்லி, இரண்டு தேக்கரண்டி. குடிநீரைவிட 50 மடங்கு காரம். விடைகளில் ஒன்று சொட்டிலும் இன்னொன்று கரண்டியிலும் இருந்தால், கேள்வி வயிற்றுக்குள் போகும் தண்ணீரைக் கேட்கிறதா, தட்டை நனைக்கும் தண்ணீரைக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். லேபிளில் வேறு சதவீதம் போட்டிருந்தால் அளவும் மாறும் என்பதை மறக்கவேண்டாம்.

"கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, அப்புறம் என்ன?" என்று பல வருடம் வண்டி போட்டவர் ஒருவர் என்னிடமே கேட்டார். தெளிவு கண்ணுக்கு, வயிற்றைக் கெடுக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தெளிவே தேவையில்லை என்று இதைத் தலைகீழாகவும் புரிந்துகொள்ளக் கூடாது. கலங்கல் தண்ணீரில் குளோரினின் பெரும்பகுதியை அந்த அழுக்கே தின்றுவிடும். அதனால் முதலில் தெளியவைத்து வடிகட்டிவிட்டுத்தான் குளோரின். தட்டு வாளியிலும் இதே கதைதான்: எச்சில் தட்டை நேராக ப்ளீச் தண்ணீரில் முக்கினால் பத்துத் தட்டுக்குள் அது வெறும் அழுக்குத் தண்ணீர். மீதியை வழித்துக் கொட்டி, சோப்பால் தேய்த்து, அலசி, கடைசியில்தான் ப்ளீச். வரிசை மாறிய விடை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் தவறு.

கை கழுவும் கேள்வியில் 20 நொடியா, 40 நொடியா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. சோப்பு நுரையோடு தேய்ப்பது குறைந்தது 20 நொடி. நனைத்தல், தேய்த்தல், அலசுதல், துடைத்தல் எல்லாம் சேர்த்தால் 40 முதல் 60 நொடி. கேள்வி எதைக் கேட்கிறது என்று படித்துவிட்டு எழுதுங்கள். வாளிக்குள் கையை விட்டு அலசுவது கழுவுதல் ஆகாது, ஓடும் தண்ணீர் வேண்டும். குழாய் இல்லாத வண்டியில் திருகு வைத்த கேனும் கீழே ஒரு வாளியும் இருந்தாலே அது ஓடும் தண்ணீர்தான். அழுக்குக் கையால் திறந்த திருகைக் கழுவிய கையால் மூடினால் பட்ட பாடு வீண். டிஷ்யூவால் பிடித்தோ முழங்கையாலோ மூடவேண்டும்.

சானிடைசர் சோப்புக்கு மாற்று என்ற விடையை அடித்துவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கோ மாவோ ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதி தரும் நோரோ வைரஸிடம் அது பலவீனம். கையுறையும் அப்படித்தான். பணம் வாங்கிய கையுறை பணம் வாங்கிய கைதான். அதைக் கழற்றி, கை கழுவி, புதிது போட்டால்தான் கணக்கு.

குப்பைக் கேள்விகள் ஓரளவு எளிது: காலால் திறக்கும் மூடி, உள்ளே பை, முக்கால்வாசி நிரம்பும் முன் கட்டி அகற்றுதல், உணவு வெட்டும் இடத்திலிருந்து தள்ளி வைத்தல். பலர் தொட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கழுவிய தண்ணீரும் கழிவுதான் என்பது நினைவுக்கு வருவதில்லை. திருகுக்குக் கீழே இருக்கும் அந்த வாளியை வண்டிக்குப் பக்கத்திலேயே கவிழ்த்தால் ஈ வரும், சேறு வரும், செருப்பில் ஒட்டி மறுபடி வண்டிக்கே வரும். அதை மூடியுள்ள வாளியில் சேர்த்து, கழிவுநீர் வாய்க்காலில் கொண்டுபோய் ஊற்றவேண்டும். பொரித்த எண்ணெயை மட்டும் அதில் கலக்கக்கூடாது. குழாயில் படிந்து அடைக்கும். ஆறவிட்டுத் தனி டப்பாவில். கழிவுநீர் வாளியைத் தூக்கிவிட்டு வந்த கையும் குப்பையைத் தொட்ட கைதான், அதனால் அந்தக் கேள்வியிலும் கடைசி வரி கை கழுவுவதாகத்தான் இருக்கும்.