‘அம்மா 25’ என்ற கோப்பு ஏன் 18 பைட்?

நோட்பேடைத் திறந்து அம்மா 25 என்று தட்டச்சு செய்யுங்கள். நடுவில் ஒரே ஒரு இடைவெளி. கடைசியில் Enter தட்ட வேண்டாம். Save as போய், Encoding என்ற இடத்தில் UTF-8 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, amma.txt என்ற பெயரில் சேமியுங்கள். பிறகு கோப்பின் மேல் வலது கிளிக் செய்து Properties பாருங்கள். Size என்ற வரியில் 18 bytes என்று இருக்கும். அதற்குக் கீழே உள்ள Size on disk வேறு விஷயம். டிஸ்க்கில் ஒதுக்கப்பட்ட இடம் அது, நமக்கு இப்போது வேண்டாம்.

18 வரவில்லையா? 20 என்றால் கடைசியில் Enter விழுந்திருக்கிறது. விண்டோஸில் ஒரு Enter இரண்டு பைட். 21 என்றால் UTF-8 with BOM என்று சேமித்திருக்கிறீர்கள். கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவது அ, ம், மா, இடைவெளி, 2, 5 என்று ஆறுதான். ஆறு எப்படிப் பதினெட்டு ஆனது? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

1. முதலில் 25 என்ற எண்ணைப் பைனரியில் எழுதுங்கள்

நாம் எழுதும் எண்களில் வலமிருந்து இடமாக ஒன்று, பத்து, நூறு என்று ஒவ்வோர் இடமும் பத்து மடங்காகிறது. பைனரியில் இரண்டு மடங்காகிறது, அவ்வளவுதான். இருப்பது 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். அப்படி ஓர் இலக்கம் ஒரு பிட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

எட்டு இடங்களின் மதிப்பையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கமிருந்து தொடங்கி, அந்த மதிப்பை 25-இலிருந்து கழிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 1 போட்டுக் கழியுங்கள். முடியாவிட்டால் 0 போட்டு அடுத்ததற்குப் போங்கள். 128, 64, 32 மூன்றும் பெரியவை, எனவே 0. 16 கழியும், மீதி 9. 8 கழியும், மீதி 1. 4-உம் 2-உம் கழியாது. கடைசியில் 1 கழியும், மீதி 0.

```
128  64  32  16   8   4   2   1
  0   0   0   1   1   0   0   1
```

ஆக 25 என்பது 00011001. சரிபார்க்க 1 உள்ள இடங்களைக் கூட்டுங்கள்: 16 + 8 + 1 = 25. புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகத் தவறுவது நடுவில் வரும் பூஜ்யங்களில்தான். கழியாத இடத்தில் 0 போடாமல் விட்டுவிட்டால் 111 என்று வந்து நிற்கும், அது 7. இன்னொரு சுருக்கச் சோதனையும் உண்டு: ஒற்றைப்படை எண் என்றால் கடைசிப் பிட் 1 ஆகத்தான் இருக்கும்.

எட்டு இடத்திலும் 1 போட்டால் 255. ஒரு பைட்டுக்கு அதுதான் எல்லை. 0-உம் சேர்த்து 256 வகை அமைப்புகள். 257-ஆவது ஒன்று வேண்டுமென்றால் இன்னொரு பைட் தேவை. இதை நினைவில் வையுங்கள், தமிழ் எழுத்துக்கு வரும்போது உதவும்.

2. எட்டுப் பிட்டை இரண்டு குறிகளாகச் சுருக்குங்கள்

00011001 என்று எழுதிப் படிப்பது கண்ணுக்குத் தொல்லை. அதனால் பைட்டை நடுவில் பிளந்து, நான்கு பிட்டுக்கு ஒரு குறி என்று எழுதுவார்கள். நான்கு பிட்டில் 0 முதல் 15 வரை வரும். 9 வரை நமக்குத் தெரிந்த இலக்கங்கள்; 10 முதல் 15 வரை A, B, C, D, E, F. இதுதான் ஹெக்ஸ்.

0001 1001 என்று பிரித்தால் 1, 9. எனவே 25-இன் ஹெக்ஸ் வடிவம் 19. இதைப் பத்தொன்பது என்று வாசித்துவிடக் கூடாது என்பதற்காகவே நிரலாளர்கள் முன்னால் 0x சேர்த்து 0x19 என்று எழுதுகிறார்கள். இடது இலக்கத்தைப் பதினாறால் பெருக்கி வலது இலக்கத்தைக் கூட்டினால் பழைய எண் திரும்ப வரும்: 1 × 16 + 9 = 25.

3. கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் பாருங்கள்

விண்டோஸில் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் பவர்ஷெல் திறந்து `Format-Hex amma.txt` என்று தட்டுங்கள். லினக்ஸ், மேக் என்றால் `xxd -g 1 amma.txt`. வலது ஓரத்தில் வரும் புள்ளிகளையும் விசித்திரக் குறிகளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது இதுதான்:

```
00000000  E0 AE 85 E0 AE AE E0 AF 8D E0 AE AE E0 AE BE 20
00000010  32 35
```

இடது ஓரத்தில் இருப்பது வரிசை எண், அதுவும் ஹெக்ஸில். இரண்டாவது வரியின் 10 என்பது பதினாறு. அதாவது அதற்கு முன் பதினாறு பைட் போய்விட்டன.

கடைசி இரண்டு பைட் 32, 35. நாம் கணக்குப் போட்டு எடுத்த 19 எங்கே? அது இந்தக் கோப்பில் எங்குமே இல்லை. நீங்கள் தட்டியது 25 என்ற எண் அல்ல. 2 என்ற குறி, அடுத்து 5 என்ற குறி. 1963-இல் வெளிவந்த ஆஸ்கி தரப்பட்டியலில் 0 என்ற குறிக்கு 48-ஆம் எண் கொடுத்தார்கள், ஹெக்ஸில் 30. அதிலிருந்து 9 வரை வரிசையாக 31, 32 என்று போகும். எனவே 2 என்ற குறி 32, 5 என்ற குறி 35. இடைவெளிக்கு 20.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் விரிதாளில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எண்ணாக வைத்தால் 9, 10, 25 என்று அடுக்கும். எழுத்தாக வைத்தால் முதல் குறியைப் பார்த்து 10, 25, 9 என்று அடுக்கும். பைத்தானில் `25 + 25` என்றால் 50. `'25' + '25'` என்றால் 2525. மறுபக்கமும் உண்டு. சென்னையின் எஸ்டிடி குறியீடு 044. அதை எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய் 44 ஆகிவிடும். கூட்டிக் கழிக்கப் போகாத தொலைபேசி எண், ஆதார் எண் போன்றவற்றை எழுத்தாக வைப்பதே சரி.

4. ‘அ’ எப்படி மூன்று பைட் ஆகிறது

ஆஸ்கியில் ஏழு பிட்தான், 128 இடம்தான். ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி என்று அதிலேயே நிரம்பிவிட்டது. உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்க வந்தது யூனிகோடு. அதில் தமிழுக்கான பகுதி 0B80 முதல் 0BFF வரை. ‘அ’வின் எண் 0B85. பத்து அடிமானத்தில் 2949. ஒரு பைட்டின் எல்லையான 255-ஐத் தாண்டிவிட்டது.

இந்த எண்ணைக் கோப்பில் எப்படி வைப்பது என்பதற்கான விதி யூடிஎஃப்-8. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்தது. தமிழ் எழுத்தின் எண் விழும் வரம்புக்கு மூன்று பைட் கொண்ட அச்சு ஒன்று உண்டு. முதல் பைட் 1110 என்று தொடங்க வேண்டும். அடுத்த இரண்டும் 10 என்று தொடங்க வேண்டும். மிஞ்சும் 4 + 6 + 6 பிட்டில் நம் எண்ணை நிரப்ப வேண்டும்.

0B85-ஐப் பதினாறு பிட்டாக விரியுங்கள்: 0000 1011 1000 0101. இடமிருந்து 4, 6, 6 என்று வெட்டுங்கள். பிறகு அச்சில் வையுங்கள்.

```
     0000     101110     000101
 1110 0000  10 101110  10 000101
     E0         AE         85
```

கோப்பின் முதல் மூன்று பைட்டும் E0 AE 85தான். விதியிலேயே ஒரு நேர்த்தி இருக்கிறது: எந்தப் பைட்டை எடுத்தாலும், 10 என்று தொடங்கினால் அது ஓர் எழுத்தின் நடுப்பகுதி, 0 என்று தொடங்கினால் தனி ஆஸ்கி குறி என்று உடனே சொல்லிவிடலாம்.

இனி மீதி. யூனிகோடில் ‘ம்’ என்பதற்குத் தனி எண் கிடையாது. ‘ம’ ஒன்று, அதன் மேல் புள்ளி ஒன்று. ‘மா’வும் அப்படித்தான், ‘ம’வும் காலும். ஆக ‘அம்மா’ என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 15. இடைவெளிக்கு ஒன்று, இலக்கங்களுக்கு இரண்டு. பதினெட்டு.

```
>>> s = 'அம்மா'
>>> len(s)
5
>>> len(s.encode('utf-8'))
15
```

நாம் சொல்லும் ‘மூன்றெழுத்து’ இதில் எங்கும் வராது. அதனால்தான் தமிழ்ச் சொல்லை `s[::-1]` என்று தலைகீழாகத் திருப்பினால் கால் முன்னால் வந்து நின்று அசிங்கமாகத் தெரிகிறது.

5. எழுத்து சிதறினால் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது

சிதறலில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு.

`à®…` என்று à மீண்டும் மீண்டும் வந்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் நலமாக இருக்கின்றன. திறந்த மென்பொருள் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக வாசித்துவிட்டது. பழைய விண்டோஸ்-1252 பட்டியலில் E0 என்பது à, AE என்பது ®, 85 என்பது மூன்று புள்ளி. சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறக்கும்போது அடிக்கடி நடப்பது இது. அப்படித் திறக்காமல் Data, From Text/CSV வழியாகப் போய் `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிதறிய நிலையிலேயே சேமித்துவிடாதீர்கள்.

`????? 25` என்று வந்தால் நிலைமை மோசம். amma.txt-இன் நகல் ஒன்றை எடுத்து Encoding-இல் ANSI என்று மாற்றிச் சேமித்துப் பாருங்கள். நோட்பேட் எச்சரிக்கும், மீறிச் சேமித்தால் பொதுவாகக் கோப்பு 8 பைட்டாகச் சுருங்கிவிடும். உள்ளே உண்மையிலேயே கேள்விக்குறிதான் இருக்கிறது, 3F என்ற பைட் ஐந்து முறை. எழுத்து போனது போனதுதான். எக்செலில் வெறும் CSV (Comma delimited) என்று சேமித்தாலும் இதே கதி; CSV UTF-8 (Comma delimited) என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, சொல்லின் ஓரத்தில் மட்டும் `�` வருவது. யாரோ பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். ‘அம்மா’வை 10 பைட்டில் நறுக்கினால் முதல் ஒன்பதில் ‘அம்’ முழுதாக வரும்; பத்தாவதான E0 துணையில்லாமல் தனியே நிற்கும்.

எஸ்எம்எஸ் கணக்கும் இதே பைட் கணக்குதான். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்தில் ஏழேழு பிட்டாக அடைப்பதால் 160 குறி கொள்ளும். தமிழ் வந்தால் ஒரு குறிக்கு இரண்டு பைட் என்ற வேறு முறைக்கு மாறிவிடும், 70 குறிதான். அந்த எழுபதில் ‘அம்மா’வுக்கு ஐந்து போய்விடும். ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் செய்தி முழுவதும் இந்த 70 கணக்குக்கு வந்துவிடும். 71-ஆவது குறி வந்ததும் செய்தி இரண்டாகப் பிரியும். துண்டுகளைச் சேர்த்துக் காட்டுவதற்கான குறிப்புக்கு 6 பைட் போவதால், அப்போது ஒவ்வொரு துண்டிலும் 67 குறிக்குத்தான் இடம்.