புரியாத பூதத்தை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சிறுகதைக் கூட்டத்துக்கு வருகிற கைப்பிரதிகளில் காஸ்மிக் ஹாரர் கதைகள், அதாவது மனித அறிவுக்கு எட்டாத, மனிதனைப் பொருட்டாகவே எண்ணாத ஒன்றைப் பற்றிய திகில் கதைகள், இப்போது அதிகம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். ஆர்வமாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சந்திப்பிழை, நீளமான தொடக்கம் போன்றவற்றை விட்டுவிடலாம், அவை பழகப் பழகச் சரியாகும். கதையின் அஸ்திவாரத்திலேயே விழுகிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். அவை விழுந்துவிட்டால் எத்தனை முறை திருத்தி எழுதினாலும் கதை நிமிராது.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். 1975-ல் வந்த 'ஜாஸ்' படத்துச் சுறாவுக்குப் பசி இருக்கிறது. எங்கே வரும், எதைக் கடிக்கும், எவ்வளவு பெரியது என்று காட்சிக்குக் காட்சி நமக்குத் தெரிவது கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் அதன் வாயில் சிக்கிய காற்று சிலிண்டரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். நம் பேய்ப்படங்களிலும் இதே கணக்குதான். இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக் வரும், பேய்க்கு நடந்த அநியாயம் தெரியும், பழி தீர்ந்ததும் பேய் போய்விடும். சாதாரண சினிமா பூதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஒவ்வொன்றும் அதை வெல்லும் வழிக்கு நம்மைக் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுபோகிறது.

காஸ்மிக் ஹாரரிலும் தெரிவது கூடும். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் விடை வராது. அங்கே வரும் பூதத்துக்கு நம்மீது பசியும் இல்லை, பகையும் இல்லை.

‘புரியாது’ என்றால் ‘சொல்லக்கூடாது’ என்று நினைப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். ஒரு தம்பி நல்ல களத்தோடு கதை கொண்டுவந்தார். கைவிடப்பட்ட கல்குவாரி, அதில் தேங்கிய தண்ணீர், பக்கத்தில் ஒரு காவல்காரர். பாதிக் கதை வரை கையை விட்டு வைக்க முடியவில்லை. அப்புறம் தண்ணீரிலிருந்து அது வருகிறது. “வார்த்தைகளுக்கு அடங்காத வடிவம். மனித மூளைக்கு எட்டாத பயங்கரம்.” இந்த மாதிரி ஒரு பக்கம்.

காவல்காரர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று கேட்டேன். அதற்கு நிழல் விழுந்ததா? தண்ணீர் மட்டம் ஏறியதா, இறங்கியதா? சத்தம் இருந்ததா?

“அதெல்லாம் சொல்லிட்டா புரிஞ்சிடுமே அண்ணா. புரியாததுன்னுதானே கதை?”

இங்கேதான் கதை கெடுகிறது. வாசகனுக்குப் புரிய வேண்டாம், சரி. ஆனால் அவன் பார்க்க வேண்டும். “வர்ணிக்க முடியாதது” என்று எழுதினால் அவன் எதையும் பார்ப்பதில்லை. எழுதியவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வான். பார்க்காத ஒன்றைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

இந்த வகைக்குப் பேர்போன எச்.பி. லவ்கிராஃப்ட்டை எல்லோரும் சாட்சிக்கு இழுப்பார்கள், அவர் அப்படித்தானே எழுதினார் என்று. அந்த மாதிரிச் சொற்களை அவர் நிறையவே இறைத்திருக்கிறார், உண்மை. ஆனால் 1927-ல் வெளிவந்த 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதையை எடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று வரிவரியாகப் பாருங்கள்.

ஆர்க்கம் என்ற கற்பனை ஊருக்கு மேற்கே நேஹம் கார்டனர் என்ற விவசாயியின் வீட்டுக் கிணற்றருகே, 1882 ஜூனில் ஒரு விண்கல் விழுகிறது. மறுநாள் காலையில் மூன்று பேராசிரியர்கள் வருகிறார்கள். கல் நேற்றைவிடச் சிறிதாகிவிட்டது என்கிறார் நேஹம். கல் எப்படிச் சுருங்கும் என்கிறார்கள் அவர்கள். சுத்தியலால் தட்டினால் உடையவில்லை, மெழுகு போலப் பெயர்ந்து வருகிறது. நேஹம் வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய வாளியை வாங்கி அதில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். துண்டு ஆறவே இல்லை. வழியில் ஒரு வீட்டில் இறங்கி ஓய்வெடுக்கும்போது அந்த வீட்டம்மா பார்த்துச் சொல்கிறாள்: துண்டு சிறிதாகிக்கொண்டே வருகிறது, வாளியின் அடி கருகுகிறது.

ஆய்வகத்தில் நடப்பது இன்னும் நுணுக்கம். எவ்வளவு சூடாக்கினாலும் ஆவியாகவில்லை. அமிலங்களில் கரையவில்லை. ஆனால் காந்தத்தன்மை இருக்கிறது. இரும்பு விண்கற்களை வெட்டி அமிலம் பூசினால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் தெரியும். அவையும் இதில் மங்கலாகத் தெரிகின்றன. சரி, இது ஏதோ ஒரு வகை இரும்புதான் என்று வாசகன் மூச்சுவிடும்போது, ராத்திரி கண்ணாடிக் குடுவையில் வைத்துவிட்டுப் போன துண்டு காலையில் இல்லை. குடுவையும் இல்லை. மர அலமாரியில் கருகிய தடம் மட்டும் இருக்கிறது. நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தபோதும், தெரிந்த எந்த நிறத்தோடும் சேராத பட்டைகளே தெரிந்தன.

கவனியுங்கள், இதில் பூடகம் ஒன்றுமே இல்லை. வாளி, சுத்தியல், அமிலம், குடுவை. ஒவ்வொரு சோதனைக்கும் தெளிவான பதில் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிலும் வாசகன் மனதில் வைத்திருந்த ஒரு விளக்கத்தை அடைத்துவிடுகிறது. சுருங்குகிறதா, ஆவியாகிறது போல என்று நினைத்தால், எந்தச் சூட்டிலும் ஆவியாகாது. இரும்பா என்றால், கண்ணாடியைத் தின்கிறது. எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு மிஞ்சுவதுதான் அந்தப் பயம். கதவுகளே இல்லாத இடத்தில் எதை அடைப்பது?

குவாரிக் கதையைத் தம்பியோடு உட்கார்ந்து இப்படித்தான் பிரித்தோம். காவல்காரர் பாறையில் பெயின்ட்டால் கோடு போட்டுத் தினமும் தண்ணீர் மட்டத்தைக் குறிக்கிறார். மழை பெய்த வாரத்தில் மட்டம் இறங்குகிறது. எங்கோ கசிவு என்று நினைக்கிறார். ஆனால் வடக்குச் சுவரில் கோடு இறங்கிய நாளில் தெற்குச் சுவரில் ஏறியிருக்கிறது. பாறை சாய்கிறதோ என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார், குமிழி நடுவிலேயே நிற்கிறது. தண்ணீர் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். இதற்கு மேல் “மூளைக்கு எட்டாத” என்ற சொல் அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு, தவளை மழை, தலைகீழாக ஓடும் கடிகாரம், அழும் சுவர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டுகிறார்கள். அதில் வாசகன் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிடுகிறான். நடப்பவை எல்லாம் ஒரே காரணத்திலிருந்து வருவது போல இருக்க வேண்டும். அந்தக் காரணம் மட்டும் அகப்படக்கூடாது. லவ்கிராஃப்ட் கதையில் பழங்கள் பெரிதாகி மினுமினுக்கின்றன, கடித்தால் கசப்பு. காற்றில்லாமல் மரக்கிளை அசைகிறது. ஆடுமாடுகள் சாம்பல் நிறமாகி நொறுங்குகின்றன. எல்லாவற்றிலிருந்தும் எதுவோ உறிஞ்சப்படுகிறது என்று நமக்கே தோன்றும். எது, எதற்காக என்றுதான் தெரியாது.

பேராசிரியர் வந்து விளக்குவது

கடைசி அத்தியாயத்தில் ஒரு நூலகர், ஒரு பழைய ஓலைச்சுவடி, “இது பல யுகங்களுக்கு முன்...” என்று தொடங்கும் ஒரு பேச்சு. அது முடியும்போது பூதத்துக்கு ஊர், பேர், குலம் எல்லாம் கிடைத்துவிடும். அத்தோடு அது சினிமா பூதமாகிவிடும்.

அறிஞர்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்தனிஸ்லாவ் லெம் 1961-ல் எழுதிய 'சோலாரிஸ்' நாவலில் ஒரு கோள் முழுக்க உயிருள்ள கடல். தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து, அது எழுப்பும் உருவங்களுக்கெல்லாம் பெயர் வைத்து, ஒரு நூலகத்தையே நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் கடல் நாயகனின் இறந்துபோன மனைவியை உருவாக்கி அவனிடம் அனுப்புகிறது. பரிசா, தண்டனையா, சோதனையா? அத்தனை புத்தகங்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. நிபுணர் வாயைத் திறக்கலாம்; அவர் பேசி முடித்ததும் கேள்வி இன்னும் பெரிதாகியிருக்க வேண்டும்.

கெட்டதாக்குவது

லவ்கிராஃப்ட் 1937-ல் இறந்த பிறகு அவர் நண்பர் ஆகஸ்ட் டெர்லெத் அந்தப் பூதங்களை நல்லவை, கெட்டவை என்று பிரித்து, நீர், நெருப்பு, காற்று, நிலம் என்று நான்கு மூலங்களின் கணக்கிலும் அடுக்கினார். அந்தக் கதைகளை அழியாமல் அச்சில் வைத்திருந்தவர் அவர்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் இந்த அடுக்கு வேலை தவறு. கெட்டதாக இருக்க வேண்டுமானால் அதற்கு நாம் ஒரு பொருட்டாக இருக்க வேண்டும்.

ஆக்டோபஸ் கைகள்

எல்லாப் பூதத்துக்கும் மாட்டியாயிற்று. போதும்.

பார்த்ததும் பைத்தியம்

லவ்கிராஃப்ட்டின் பூதங்களை வைத்து 1981-ல் வந்த 'கால் ஆஃப் க்துலு' என்ற விளையாட்டில் பூதத்தைப் பார்த்தால் மனநிலைப் புள்ளிகள் குறையும். விளையாட்டுக்கு அது அருமையான ஏற்பாடு. கதையில் அதை அப்படியே வைத்தால், பார்த்தான், அலறினான், பைத்தியமானான் என்று மூன்று வரியில் முடிந்துவிடும். நேஹமின் மனைவிக்குச் சித்தம் கலங்குவதை லவ்கிராஃப்ட் எப்படிக் காட்டுகிறார் பாருங்கள். அவள் புலம்பலில் ஒரு பொருளின் பெயர்கூட வருவதில்லை. அசைகிறது, மாறுகிறது, எடுத்துக்கொண்டு போகிறது என்ற மாதிரி வினைகளும் பிரதிப்பெயர்களும் மட்டும். எதைச் சொல்கிறாள் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. முதலில் அவளை வீட்டுக்குள் சுற்ற விடுகிறார்கள், அப்புறம் பிள்ளைகள் பயப்பட ஆரம்பித்ததும் மாடி அறையில் பூட்டுகிறார்கள். இது மெதுவாக நடப்பதால்தான் நம்மை உலுக்குகிறது.

அதைத் திரையில் காட்டிவிடுவது

படமெடுக்கிறவர்களுக்கு இது உண்மையான சிக்கல். 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதை 2019-ல் நிகோலஸ் கேஜ் நடிப்பில் படமானது. அதில் பூதமே யாரும் பார்த்தறியாத ஒரு நிறம்தான், அதை எப்படிக் காட்டுவது? மெஜந்தா பக்கம் போனார்கள். வானவில்லில் தனி அலைநீளமாக இல்லாத நிறம் அது, ஆகவே நல்ல யோசனைதான். ஆனாலும் துணிக்கடையில் ராணி கலர் என்று கேட்டு வாங்குகிற நிறம்தானே அது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுதுகிறவர்கள் அந்த வசதியைப் படம் போலக் காட்சி வைத்து வீணாக்குவதுதான் வருத்தம்.

கொன்றுவிடுவது

இயக்குநர் ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) படம் காஸ்மிக் ஹாரர்தானா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பாதி என்பேன். அதில் மனித உருவெடுத்து ஒளிந்துகொள்ளும் ஜந்துவின் ஒவ்வொரு துளி ரத்தமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் என்று ஊகித்து, சூடான கம்பியை வைத்துச் சோதிக்கிறார்கள், துளி துள்ளுகிறது. அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது, ஆகவே சண்டை போட முடிகிறது. ஆனால் கடைசியில் பனியில் மிஞ்சிய இரண்டு பேருக்கும் எதிரில் இருப்பவன் மனிதனா என்று தெரியாது. படம் அங்கே மறுபடி கைநழுவுகிறது.

லவ்கிராஃப்ட்டின் நிறத்தை யாரும் தோற்கடிப்பதில்லை. அது கிளம்பி வானத்துக்குப் போகிறது. ஒரு சின்னத் துணுக்கு மட்டும் ஏற முடியாமல் திரும்பி விழுகிறது. சாம்பலாகிக் கிடக்கும் ஐந்து ஏக்கர் வருஷத்துக்கு ஓர் அங்குலம் பரவுவதாக ஊரில் பேச்சு. அந்தப் பள்ளத்தாக்கில் நகரத்துக்குக் குடிநீர்த் தேக்கம் கட்டப்போகிறார்கள். கதை சொல்பவரே அந்த வேலைக்கு அளவெடுக்க வந்தவர்தான். குவாரிக் கதையிலும் கடைசியில் வெடிவைத்து மூடுகிற காட்சியை எடுத்துவிட்டு, புதுக் காவல்காரர் வேலைக்குச் சேர்ந்து பெயின்ட் டப்பாவைக் கேட்பதோடு நிறுத்தச் சொன்னேன்.

இரண்டாம் பாகம்

எழுத வேண்டாம். முதல் பாகத்தில் தெரிந்ததெல்லாம் இரண்டாம் பாகத்தில் விதியாகிவிடும்.