பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க ஒரு நாள் லீவு: தேதி தெரியாமல் எழுதாதீர்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. விருப்பப் பட்டியலை வீட்டிலிருந்தே பதியலாம், அதற்கு லீவு வேண்டாம். லீவு தேவைப்படுவது சீட் கிடைத்தபின் கல்லூரிக்கு நேரில் போகும் நாளுக்கு. அந்த நாள் முன்கூட்டித் தெரியாது என்பதுதான் தொல்லை. மூத்தவனுக்கு நான் உத்தேசமாக ஒரு தேதி போட்டு லீவு எடுத்தேன். சுற்று தள்ளிப்போனது, ஒரு நாள் வீண்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்று வைத்துச் சொல்கிறேன். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு, அரை நாளாகவும் எடுக்கலாம்.

முதலில், தரவரிசைப் பட்டியல் வந்ததுமே அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லிவையுங்கள். "சார், பொண்ணுக்கு இந்தச் சுற்றில் சீட் வந்துடும். ஆர்டர் கையில் கிடைச்சதும் தேதி சொல்றேன்" என்றால் போதும். கடிதம் இப்போது வேண்டாம்.

அடுத்து, ஒதுக்கீடு வந்ததும் மகள் எதை உறுதிசெய்தாள் என்று பாருங்கள். `Accept and Join` என்றால் ஆணையில் உள்ள கெடுவுக்குள் கல்லூரியில் சேர வேண்டும். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, மேல் விருப்பத்துக்காகவும் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தால் உதவி மையத்தில் பணம் கட்டவேண்டும். மையம் உள்ளூரில் இருந்தால் அரை நாள் போதும்.

பிறகு நாளைத் தேர்வு செய்யுங்கள். கடைசி நாள் வேண்டவே வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் பள்ளியிலேயே கிடந்தாலோ, சாதிச் சான்றிதழில் பெயர் மாறியிருந்தாலோ திரும்பி வந்து சரிசெய்ய இன்னொரு நாள் வேண்டும்.

திருநெல்வேலி ஊழியர், மகளுக்குக் கோவையில் இடம், சேரும் நாள் திங்கள் என்று கொள்வோம். ஞாயிறு இரவு பேருந்து ஏறி, திங்கள் இரவு திரும்ப ஏறினால் செவ்வாய் காலை அலுவலகம். செலவு ஒரே ஒரு நாள் விடுப்பு. ஆனால் ஊரை விட்டுப் போவதால் தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லும் அனுமதியும் கேட்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, என் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் கோயம்புத்தூரில் உள்ள கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவரைச் சேர்க்க உடன் செல்ல வேண்டியிருப்பதால், திங்கட்கிழமை (தேதி) ஒரு நாள் தற்செயல் விடுப்பும், ஞாயிறு மாலை முதல் செவ்வாய் காலை வரை தலைமையிடத்தை விட்டு வெளியே செல்ல அனுமதியும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒதுக்கீட்டு ஆணை நகல் இணைக்கப்பட்டுள்ளது."

குடும்பக் கதை எதுவும் வேண்டாம், ஆணை நகலே பேசும். அவசரக் கோப்பு இருந்தால், அதைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து இருக்கைக்காரர் பெயரை ஒரு வரியில் சேருங்கள். அவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான்!

கல்லூரியில் வேலை முடியாமல் செவ்வாயும் தங்க நேர்ந்தால், திங்கள் மாலைக்குள் அதிகாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, திரும்பியதும் இரண்டாம் நாளுக்குத் தனிக் கடிதம் கொடுங்கள்.