ஒரே அறிவிப்பு, மூன்று பேர்: மொழிநடையில் நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு பள்ளியில் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாள் 14ஆம் தேதி, சனிக்கிழமை. அன்று வகுப்புகள் உண்டு. காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை குழாய்களில் தண்ணீர் வராது. இதைப் பள்ளி மேலாளரிடம் சொல்ல வேண்டும், சக ஆசிரியர்களிடம் சொல்ல வேண்டும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும்.

பெரும்பாலோர் ஒன்றை எழுதிவிட்டு, சொற்களை மட்டும் மாற்றுவார்கள். மேலாளருக்குத் 'தங்கள்', ஆசிரியருக்கு 'உங்கள்', பிள்ளைக்கு 'உன்'. தவறு இங்கேதான் தொடங்குகிறது. மேலாளர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆசிரியர் சில வேலைகள் செய்ய வேண்டும். பிள்ளைக்கோ அன்று எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்பது தெரிந்தால் போதும். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதே மூவருக்கும் வேறுபடும். சொல் அதற்கு அப்புறம்தான்.

மேலாளருக்கு வழக்கமாகப் போகும் கடிதம் இப்படி இருக்கும்:

"மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி தூய்மைப்படுத்தப்படவுள்ளதாலும், அதன் காரணமாகக் குடிநீர் விநியோகம் தடைபட வாய்ப்புள்ளதாலும், மாற்று ஏற்பாடுகள் மேற்கொள்ளப்பட வேண்டியுள்ளதாலும், தாங்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

படிக்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் யார் கழுவுகிறார்கள், எப்போது, எவ்வளவு செலவு, மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே இல்லை. 'படும்', 'பட்டது' என்று முடியும் செயப்பாட்டு வினை, செய்கிற ஆளை மறைத்துவிடும். 'ஆவன செய்யுமாறு' என்பது கோரிக்கையையே மறைத்துவிடுகிறது. தமிழில் முற்றுவினை கடைசியில் வருவதால், 'ஆலும்… ஆலும்…' என்று நீட்ட நீட்ட, படிப்பவர் விஷயம் என்ன என்று தெரியாமலே வரியின் முடிவு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. மரியாதை என்பது நீளம் அல்ல. கீழே இருப்பதில் மரியாதை எதுவும் குறையவில்லை:

"ஐயா, 14ஆம் தேதி சனிக்கிழமை மாடித் தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை குழாய்களில் தண்ணீர் வராது. அன்று பள்ளி உண்டு என்பதால் குடிக்க 20 லிட்டர் கேன் 25 தேவை. ஒன்று 40 ரூபாய் வீதம் 1,000 ரூபாய் ஆகும். கழிவறைகளுக்கு முந்தைய நாளே டிரம்களில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவோம். கேன் வாங்க வியாழக்கிழமைக்குள் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியில் 'அனுமதி தரவும்' என்று எழுதுபவர்கள் உண்டு. '-வும்' என்ற முடிவு அலுவலகத் தமிழில் மேலிருந்து கீழே வரும் சுற்றறிக்கைக்கும், 'வரிசையில் நிற்கவும்' போன்ற பலகைக்கும் உரியது. மேலே இருப்பவருக்கு எழுதும்போது அது சுருக்கமாகத் தெரியாது, உத்தரவாகத் தெரியும். 'தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்பதற்கு ஒரே ஒரு சொல்தான் கூடுதல், எழுதிவிடலாம். அதேபோல் 'நாம் சுத்தம் செய்கிறோம்' என்றும் வேண்டாம். 'நாம்' மேலாளரையும் சேர்த்துக்கொள்ளும். 'நாங்கள்' போதும், அல்லது மேலே உள்ளதுபோல் இரண்டையும் விட்டுவிடலாம்.

சக ஆசிரியர்களுக்கு எழுதும்போது தவறு எதிர்த்திசையில் நடக்கும். தினமும் ஒன்றாக டீ குடிப்பவரிடம் 'தாங்கள் ஒத்துழைப்பு நல்குமாறு' என்றால், நேற்று ஏதோ மனத்தாங்கல் போல என்று நினைத்துக்கொள்வார். 'டேங்க்', 'கேன்' எல்லாம் இங்கே தாராளமாக வரலாம்:

"சார், மேடம், சனிக்கிழமை (14ஆம் தேதி) டேங்க் கழுவுகிறார்கள். காலை 8 முதல் மதியம் 2 வரை குழாயில் தண்ணீர் வராது. வகுப்புக்கு ஒரு கேன் வரும். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது உங்கள் வகுப்புப் பக்கத்துக் குழாய்களைக் கொஞ்சம் இறுக மூடிவிடுங்கள், திறந்திருந்தால் தண்ணீர் திரும்ப வரும்போது வழிந்தோடும். 2 மணிக்கு அப்புறமும் நான் சொல்லும் வரை பிள்ளைகளைக் குழாய்த் தண்ணீர் குடிக்க விட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறார்கள், முதலில் வரும் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்."

'மூடுங்கள்' என்பதற்கும் 'மூடிவிடுங்கள்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்த 'விடு' கட்டளையின் முனையை மழுக்குகிறது, வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. 'கொஞ்சம்' என்பதும் அளவைச் சொல்லவில்லை, அது 'தயவுசெய்து' செய்யும் வேலையைச் செய்கிறது. மேலாளருக்கான கடிதத்தில் இந்தக் 'கொஞ்சம்' வந்தால் பொருந்தாது. காரணமும் சேர்த்திருக்கிறேன். காரணம் தெரிந்த சக ஊழியரை இரண்டாம் முறை நினைவூட்ட வேண்டியிருக்காது. மேலாளருக்கு இந்தக் குழாய் விவரமெல்லாம் தேவையே இல்லை.

பிள்ளைகளுக்கு எழுதுவதில்தான் அதிகம் தடுமாறுகிறோம். எளிமை என்றால் பேச்சுத் தமிழ் என்று எண்ணி, 'தண்ணி வராதுடா செல்லம், பாட்டில்ல எடுத்துட்டு வா' என்று எழுதுகிறார்கள். காதில் கேட்க இது எளிதுதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கக் கற்றது பாடநூலில். 'தண்ணீர்', 'கொண்டு வா' என்ற வடிவங்கள் அதன் கண்ணுக்குப் பழக்கம். 'எடுத்துட்டு' என்பதை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். எழுத்து வடிவம் அப்படியே இருக்கட்டும், வாக்கியம் மட்டும் குட்டையாகட்டும்:

"சனிக்கிழமை பள்ளிக் குழாயில் தண்ணீர் வராது.
மாடியில் உள்ள பெரிய தொட்டியைக் கழுவுகிறார்கள்.
வீட்டில் இருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வா.
தீர்ந்து போனால் வகுப்பில் உள்ள கேனில் பிடித்துக்கொள்.
குழாயில் தண்ணீர் வந்தாலும் குடிக்காதே.
டீச்சர் சொன்ன பிறகு குடி."

நேரத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். '2 மணி வரை' என்று எழுதினால், 2 மணி அடித்ததும் ஒரு கூட்டம் குழாயடிக்கு ஓடும். அதைத் தடுக்க 'டீச்சர் சொன்ன பிறகு' போதும். அடுத்தது 'குடிக்காதே'. ஆசிரியரிடம் 'விட வேண்டாம்' என்றால் தடை என்று புரிந்துகொள்வார். பிள்ளைக்குக் 'குடிக்க வேண்டாம்' என்பது, விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடு என்பதுபோலவும் கேட்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் விஷயத்தில் அந்த இடைவெளி கூடாது. 'தொட்டி சுத்தமாகாத வரை குடிக்காமல் இருக்க வேண்டும்' என்று இரண்டு எதிர்மறைகளை அடுக்கினாலும் குழப்பம்தான். அப்புறம், 'குழந்தைகளே' என்று தொடங்கினால் கடைசி வரை 'கொண்டு வாருங்கள்', 'குடிக்காதீர்கள்' என்றே போக வேண்டும். பாதியில் 'கொண்டு வா' என்று இறங்கக் கூடாது.

மூன்றிலும் மாறவே கூடாதது நாள். 'நாளை தண்ணீர் வராது' என்று பலகையில் எழுதிவிட்டால், அழிக்கும் வரை அது தினமும் 'நாளை'தான். பிள்ளைகளுக்குக் கிழமை போதும், ஆனால் அந்தப் பலகை அந்த வாரத் திங்கள்கிழமைக்கு முன்னால் மாட்டப்படக் கூடாது, இல்லையென்றால் எந்தச் சனிக்கிழமை என்று தெரியாது.

எழுதும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். பிள்ளைக்கானதை முதலில் எழுதினால், யார், என்று, எது என்ற விவரங்கள் பூசி மெழுகாமல் வெளியே வந்துவிடும். பிறகு ஆசிரியருக்கானது, கடைசியில் மேலாளருக்கானது. ஆசிரியர்களுக்கு அனுப்பியது மட்டும் எப்படியும் பெற்றோர் வாட்ஸாப் குழுவுக்குப் போய்விடும். அங்கே 'வகுப்புக்கு ஒரு கேன் வரும்' என்பதைப் படித்துவிட்டு, பாட்டில் கொடுத்து அனுப்பத் தேவையில்லை என்று வீட்டில் முடிவு செய்வார்கள். பிள்ளைகளுக்கான ஆறு வரியைத் தனியாகப் பெற்றோருக்கு அனுப்பிவிடுவது நல்லது.