கோப்பு கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை

ஸ்ட்ரீமிங் படத்தைக் கணினியில் சேமிக்க ஆசைப்படுகிற புதியவர்கள், நான் விழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். திரையைப் பதிவு செய்தால் கறுப்பாக வருவதை ஒரு தடவை பட்டாலே தெரிந்துகொள்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

துண்டுகளை ஒட்டினால் படமாகிவிடும் என்று நம்புவது

இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன் நான். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், படம் சில விநாடித் துண்டுகளாக வந்து விழுவது தெரியும். அத்தனையையும் இறக்கி வரிசையாக ஒட்டினேன். விடிகாலையில் திறந்தபோது 1 மணி 52 நிமிடம் என்று நீளத்தைச் சரியாகக் காட்டியது. ஓடவிட்டால் பச்சையும் சாம்பலுமாகக் கட்டங்கள், சத்தமே இல்லை. இறக்கும்போது கெட்டுவிட்டது போல என்று முதலிலிருந்து மறுபடி இறக்கினேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

கோப்பில் கோளாறே இல்லை. நீளம், அளவு போன்ற தலைப்பு விவரங்களைத் திறந்தபடியே விட்டு, உள்ளே இருக்கும் காட்சியையும் ஒலியையும் மட்டும் பூட்டுகிறார்கள். அதனால்தான் பிளேயர் முதலில் ஏமாறுகிறது. சாவி அந்தத் துண்டுகளில் வராது. உரிம சர்வரிடமிருந்து தனியாக வந்து வைட்வைன், ஃபேர்பிளே, பிளேரெடி போன்ற ஒரு பாதுகாப்புப் பகுதிக்குள் போய்விடும். பக்கத்தின் ஸ்கிரிப்டுக்குக்கூட அது தெரியாது. பல போன்களில் பூட்டு திறந்த காட்சியும் தனி நினைவகத்திலேயே இருக்கும். கறுப்புத் திரைக்கும் அதுதான் காரணம்.

இறக்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். துண்டுகளின் பட்டியலாக முதலில் வரும் `.mpd` கோப்பில் `ContentProtection` என்ற சொல் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பூட்டை உடைப்பது, சந்தா கட்டியவருக்கும் பல நாடுகளில் சட்டவிரோதம்.

'எதையும் இறக்கித் தரும்' மென்பொருளுக்குக் கடவுச்சொல் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

செயலியில் இறக்கியதைச் சொந்தக் கோப்பு என்று நினைப்பது

நேர்மையான வழி, சேவையின் செயலியிலேயே இருக்கும் டவுன்லோடு பொத்தான்தான். அது பூட்டிய கோப்பையும் காலவரம்புள்ள உரிமத்தையும் அந்தச் சாதனத்தில் வைக்கிறது. கோப்பை மட்டும் வேறு போனுக்கு நகலெடுத்தால் ஓடாது. நெட்ஃபிளிக்ஸில் சில படங்களுக்குப் பிளேயை அழுத்தியதும் 48 மணி நேரக் கணக்கு தொடங்கிவிடும். நீண்ட பயணத்துக்கு மூன்று நாள் முன்பு 'ஓடுதா பார்ப்போம்' என்று ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தவர், வழியில் காலாவதி அறிவிப்பைத்தான் பார்ப்பார். சோதிக்க வேண்டுமென்றால் கிளம்பும் அன்று சோதியுங்கள். அப்புறம், எல்லாப் படத்துக்கும் அந்தப் பொத்தான் இருக்காது. உரிமை வைத்திருப்பவர் அனுமதித்தால்தான் உண்டு.

என்றைக்கும் வேண்டும் என்றால்

வட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பூட்டு இல்லாமல் விற்கும் படைப்பாளிகளிடம் வாங்குங்கள். காப்புரிமை முடிந்த பழைய படங்கள் பல archive.org தளத்தில் சாதாரணக் கோப்பாகவே கிடைக்கின்றன.