ஆடு புலி ஆட்டம்: முதல்முறை ஆடுபவருக்கு

முதலில் களத்தை வரைந்துவிடுவோம். தரையில் சாக்பீஸால் வரைந்தாலே போதும். உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து கீழே விரிந்து போகிற நான்கு கோடுகள். அவற்றின் அடிமுனைகளை ஒரு கோட்டால் இணையுங்கள். அப்புறம் நடுவில் குறுக்காக மூன்று கோடுகள் போடுங்கள். இவை இரு பக்கமும் வெளியே கொஞ்சம் நீள வேண்டும். நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் மேலிருந்து கீழாகச் சேருங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23 வர வேண்டும். குறைந்தால், குறுக்குக் கோடுகள் வெளியே நீளவில்லை என்று அர்த்தம்.

ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். தொடக்கம் ஊருக்கு ஊர் மாறும். நாம் ஒரு புலியை உச்சியிலும், மற்ற இரண்டை முதல் குறுக்குக் கோட்டின் நடு இரண்டு இடங்களிலும் வைப்போம்.

ஆட்டுக்காரர் தொடங்குவார். ஒரு முறைக்கு ஓர் ஆட்டைக் காலியான இடத்தில் வைக்கலாம். பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆடும் நகராது. புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். புலி ஒவ்வொரு முறையும் கோட்டின் வழியே பக்கத்துக் காலி இடத்துக்கு நகரும், அல்லது பக்கத்து ஆட்டைத் தாண்டிக் குதித்து அதை வெட்டும்.

வெட்டுவதை நிதானமாகப் பாருங்கள். முதல் குறுக்குக் கோட்டில், இடப்பக்கச் சாய்கோடு அதைத் தொடும் இடத்தில் ஓர் ஆடு இருக்கிறது. உச்சிப் புலி அதே சாய்கோட்டில் அதைத் தாண்டிக் கீழே குதிக்கலாம். பக்கத்துப் புலியும் குறுக்கே தாண்டி இடது ஓரமுனையில் இறங்கலாம். இரண்டுக்குமே ஆட்டுக்கு நேர் பின்னால் இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே வேறு ஆடு நின்றால் தாண்ட முடியாது. வளைந்து குதிப்பதும் கிடையாது, நேர்கோடுதான்.

அப்படியானால் ஆட்டை எங்கே வைப்பது? களத்தின் ஓர மூலைகளில். முதல், மூன்றாம் குறுக்குக் கோடுகளின் நான்கு ஓரமுனைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள் ஆகிய ஆறிலும் எந்தக் கோடும் நேராகக் கடந்து போவதில்லை. அங்கே நிற்கும் ஆட்டை வெட்டவே முடியாது. ஆறையும் நிரப்பிவிட்டு, அவற்றை ஒட்டி மற்ற ஆடுகளை இறக்குங்கள். எல்லாம் இறங்கியபின் ஆடுகளும் ஒவ்வோர் அடியாக நகரலாம்.

மூன்று புலிகளும் நகரவோ வெட்டவோ முடியாமல் நின்றால் ஆடு ஜெயித்தது. ஐந்து ஆடு வெட்டுப்பட்டால் புலி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணையும் ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

உச்சியில் நிற்கும் புலியை ஆடுகளால் மட்டும் அடைக்க எட்டு ஆடு வேண்டும், நான்கு கோட்டிலும் முன்னொன்று பின்னொன்றாக. ஓர மூலைக்குப் போன புலிக்கு நான்கே போதும். அதனால் புலியை ஓரத்துக்குத் தள்ளப் பாருங்கள். புலிக்காரராக இருந்தால் நடுவை விட்டு விலகாதீர்கள்.