மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும்: கணக்கு எங்கே பிழைக்கிறது?

“காலமை எழும்பினவுடன ரெண்டு செம்பு தண்ணி குடிக்கிறன், பிறகும் ஏன் வயித்தால போகேல்லை?” யாழ்ப்பாணத்தில் மலச்சிக்கல் பற்றிக் கதை வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ஆனால் குடித்த தண்ணீர் நேராக மலத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். மிச்சத்திலும் பெரும்பங்கைப் பெருங்குடல் எடுத்துக்கொள்ளும். உடம்புக்கு வேண்டியதைவிடக் கூடக் குடித்தால் அது சிறுநீராகப் போகும், அவ்வளவுதான். மலத்துக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது நார்ச்சத்து. நார் குறைவாக இருந்தால் தண்ணீருக்கு அங்கே நிற்க இடமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1998இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நாட்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு ஒரே அளவாக நாளுக்கு 25 கிராம் நார் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் தங்கள் விருப்பப்படி குடித்தார்கள், அது நாளுக்கு சுமார் 1 லீற்றர்தான். மற்றவர்கள் 2 லீற்றர் குடித்தார்கள். இரண்டு பகுதியினருக்கும் குணம் தெரிந்தது, ஆனால் 2 லீற்றர் குடித்தவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தது. ஆக, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நன்றாக நடக்கும்.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் வேண்டும். குடிக்கும் நீர் 1.5 முதல் 2 லீற்றர், அதாவது 200 மில்லிலீற்றர் கிளாஸில் எட்டு முதல் பத்து. தேத்தண்ணி, மோர், கஞ்சி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வெயிலில் தோட்டத்தில் நிற்கிறவருக்கு இது போதாது. சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம்: வெளிறிய மஞ்சள் என்றால் சரி, கடும் மஞ்சள் என்றால் குறைவு. விற்றமின் பி குளிசை போடுகிறவர்களுக்கு மட்டும் இந்த அடையாளம் ஏமாற்றும்.

கிணற்று நீர் கடினமானது, அதனால்தான் மலம் இறுகுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. சுண்ணக்கல் நிலத்து நீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் மக்னீசியம் மலத்தை இளக்குகிற பொருள். என் பார்வையில், உவர் ருசிக்காகத் தண்ணீரையே குறைத்துவிடுவதுதான் பிரச்சினை.

சரி, நாருக்கு வருவோம். பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது: “நான் கீரை சாப்பிடுறன், வாழைப்பழமும் சாப்பிடுறன்” என்று சொல்லிக் கணக்கை மூடிவிடுகிறோம். அறுபது வயது அம்மா ஒருவரின் வழமையான நாளை எடுத்துப் பார்ப்போம். காலை கால் றாத்தல் பாண், 3 கிராம். அதற்கு இரண்டு மேசைக்கரண்டி சம்பல், தேங்காய்ப்பூவின் புண்ணியத்தில் 2. மத்தியானம் இரண்டு கோப்பை வெள்ளைச் சோறு, கிட்டத்தட்ட 1 கிராம். கத்தரிக்காய்க் கறி 2, பருப்பு 2, கீரை இரண்டு கரண்டி 1. மீன் குழம்பில் நார் என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்னேரம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், விட்டுவிடுவோம். இரவு வெள்ளை மா இடியப்பமும் சொதியும் 1, கதலிப்பழம் ஒன்று 2. கூட்டினால் 14 கிராம். பழமும் கீரையும் இருந்தும் பாதிதான் வந்திருக்கிறது. பாணும் வெள்ளைச் சோறும் வெள்ளை இடியப்பமும் வயிற்றை நிரப்புகின்றன, நாரைத் தருவதில்லை.

இதைத் திருத்தப் புதிய சாப்பாடு ஒன்றும் தேவையில்லை. காலையில் பாணைப் பாதியாக்கி, அரைக் கோப்பை அவித்த பயறோ கடலையோ தேங்காய்ப்பூவோடு சேர்த்தால் 5 கிராம் கூடும். சோற்றைத் தவிடு போகாத சிவப்பு அரிசிக்கு, மொட்டைக்கறுப்பன் போன்றதற்கு, மாற்றினால் இன்னொரு 3. நிறம் சிவப்பாக இருந்தால் போதாது, நன்றாகத் தீட்டியிருந்தால் நார் தவிட்டோடு போய்விடும். பிஸ்கட்டுக்குப் பதில் நடுத்தரக் கொய்யாப்பழம் ஒன்று, 5. இப்போது 27 ஆகிவிட்டது. இரவு இடியப்பத்தில் கைவைக்கவே இல்லை. வேண்டுமென்றால் வாரத்தில் சில நாள் குரக்கன் புட்டு அவிக்கலாம்.

ஆனால் மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் மூன்றாம் நாள் வயிறு ஊதும், காற்றுப் பிரியும், “எனக்கு இது ஒத்துவராது” என்று விட்டுவிடுவார்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைப்பதால் வரும் காற்று அது. முதல் வாரம் பயறு மட்டும், அடுத்த வாரம் அரிசி, அதற்கு அடுத்த வாரம் கொய்யா என்று போனால் குடல் பழகிக்கொள்ளும். அதே வேகத்தில் தண்ணீரையும் கூட்ட வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அப்புறம், நாளுக்கு ஒருமுறை போகவில்லை என்பதே நோய் அல்ல. நாளுக்கு மூன்றுமுறையில் இருந்து வாரத்துக்கு மூன்றுமுறை வரை, முக்கல் இல்லாமல் இளகிப் போனால் சரிதான்.

பாமசியில் வாங்கும் இசப்கோல் உமியில் இன்னொரு பிழை நடக்கிறது. அரை மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். உமி ஈரம் பட்டதும் வீங்கிக் கூழாகும், தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். ஒரு பொதியை ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன் உடனே குடித்து, மேலும் ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும். படுக்கைக்குப் போகும் நேரத்தில் வேண்டாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு உமியே வேண்டாம்.

எல்லா மலச்சிக்கலுக்கும் நார் மருந்தல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மலம் ஏற்கனவே உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தால், மேலே நாரைச் சேர்ப்பது அடைப்பைக் கூட்டும். முதியவர்களில் இது இன்னொரு வேடத்தில் வரும்: பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீர்போலக் கசியும். வீட்டார் வயிற்றோட்டம் என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுப்பார்கள். உண்மையில் அது இறுகிய மலத்தின் ஓரமாக வழிவது. முதலில் டொக்டரிடம் காட்டி அடைப்பை எடுக்க வேண்டும், நார் பிறகு. மலவாசல் தசை தளராமல் முக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் நாரால் பெரிய உதவி இல்லை.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், பிரஷருக்கான அம்லோடிபின், நோவுக்கான டிரமடோல், கொடீன் எல்லாம் மலத்தை இறுக்கக்கூடியவை. சிக்கல் புதுக் குளிசை தொடங்கிய பிறகு வந்ததென்றால், தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள். இருதய பலவீனத்துக்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு மேலே சொன்ன 2 லீற்றர் பொருந்தாது. சிறுநீரக நோயாளர் பயறு, பழம் கூட்டுவதற்கும் முதலில் கேட்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தச்சோகை, ஐம்பதுக்கு மேல் திடீரென்று மாறிய மலம் போகும் பழக்கம் இருந்தால் கொய்யாவும் பயறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள். வயிறு ஊதி, வாந்தி எடுத்து, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.